டிப்ரஷன்: எது தாழ்ந்தது, எதிலிருந்து?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்ற தொடர் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்துவிடும். வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையில் அந்த நீண்ட தொடருக்கு ஒரே சொல்தான்: டிப்ரஷன். மனநல மருத்துவர் தன் குறிப்பேட்டில் எழுதுவதும் அதே சொல். 1930களின் அமெரிக்காவைப் பற்றிப் பேசும் பொருளியல் பேராசிரியரும் அதைத்தான் சொல்கிறார். இதய வரைபடத்தைப் படிக்கும் மருத்துவர், உப்பு நீரின் உறைநிலையை விளக்கும் வேதியியல் ஆசிரியர், கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் கோணத்தைக் கணக்கிடச் சொல்லும் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் இதே சொல் வருகிறது.

தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஏதோ ஒன்று ஒரு மட்டத்திலிருந்து தாழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் ஆங்கிலச் சொல் சொல்லிவிட்டு, எது தாழ்ந்தது, எந்த மட்டத்திலிருந்து என்பதைப் படிப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. துறைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது சிக்கலே இல்லை. மொழிபெயர்ப்பவர்தான் அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு எழுத வேண்டியிருக்கிறது. தெரியாமல் எழுதினால் சில இடங்களில் வாசகம் கோணலாகும், அவ்வளவுதான். மருத்துவத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு நோய் கவனிக்கப்படாமல் போகும், சில வேளை ஓர் உயிரே போகும்.

வானிலையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கே தமிழ் இந்த வேலையை நன்றாகவே செய்திருக்கிறது. கடலின் மேல் ஒரு வட்டாரத்தில் காற்றின் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப நாலாபுறமிருந்தும் காற்று பாய்கிறது, பூமியின் சுழற்சியால் அது சுழலத் தொடங்குகிறது. இந்தச் சுழற்சியில் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அது தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை இருந்தால் தாழ்வு மண்டலம், ஆங்கிலத்தில் டிப்ரஷன். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல் என்று பெயர் வைக்கிறார்கள். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்ற தொடரைப் பிரித்துப் பாருங்கள். தாழ்ந்தது காற்றழுத்தம். தாழ்ந்திருப்பது ஒரு வட்டாரத்தில், அதனால் மண்டலம். கேள்விகளுக்கான விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கைத் தமிழர் இதையே இன்னும் இறுக்கமாகத் ‘தாழமுக்கம்’ என்கிறார்கள். அங்கே அழுத்தத்துக்கு ‘அமுக்கம்’ என்பதே வழக்கு. இரத்த அழுத்தத்தையும் குருதி அமுக்கம் என்றுதான் எழுதுவார்கள்.

பெயர் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரு குழப்பம் மிஞ்சுகிறது. இந்தப் படிநிலைகள் காற்றின் வேகத்தைச் சொல்பவை, மழையின் அளவைச் சொல்பவை அல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அடுத்த நாட்களில் ‘வலுவிழந்தது’ என்று அறிவிக்கப்பட்டது. அப்படி வலுவிழந்துகொண்டிருந்த அமைப்புதான் உள்மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. புயல் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு மழையும் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது.

வானிலைத் தொடரில் ‘அழுத்தம்’ என்பது ஆங்கிலத்தின் ‘பிரஷர்’. டிப்ரஷனுக்கு ஈடாக நிற்பது ‘தாழ்வு’ என்ற சொல்தான். மனநலத்துக்கு வரும்போது இந்த வேறுபாடு நழுவிவிட்டது. டிப்ரஷன் என்பதன் வேர் இலத்தீன். ‘கீழே’ என்ற முன்னொட்டும் ‘அழுத்து’ என்ற வினையும் சேர்ந்து உண்டானது. காலப்போக்கில் அழுத்தும் செயல் பின்னுக்குப் போய், அதன் விளைவான தாழ்ந்த நிலை மட்டும் பொருளாக நின்றுவிட்டது. ஆனால் அகராதியைப் பார்த்து வேரைப் பிடித்தவர்களுக்கு ‘அழுத்தம்’தான் கையில் கிடைத்தது. அப்படித்தானோ என்னவோ, நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் டிப்ரஷன் பல ஆண்டுகளாக ‘மன அழுத்தம்’ ஆகிக்கிடக்கிறது.

ஆனால் மன அழுத்தம் வேறொன்றின் பெயர். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பார்களே, அது. (பொறியியலில் அந்தச் சொல்லுக்கும் வேறு தமிழ் உண்டு, இயற்பியல் பாடநூல் அதைத் ‘தகைவு’ என்கிறது.) தேர்வு நெருங்குகிறது, கடன்காரர் வாசலில் நிற்கிறார், அலுவலகத்தில் மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிறார். வெளியிலிருந்து ஒரு சுமை ஏறுகிறது, மனமும் உடலும் அதற்கு ஈடுகொடுக்கப் போராடுகின்றன. சுமை இறங்கினால் பெரும்பாலும் அழுத்தமும் இறங்கும். மனச்சோர்வு அப்படி நடந்துகொள்வதில்லை. அதற்கு வெளியில் ஒரு காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் தீர்ந்த பிறகும் அது போகாமல் இருக்கலாம்.

மருத்துவர்கள் இதை அடையாளம் காணும் முறையில் எண்ணிக்கையும் காலமும் உண்டு. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்தாவது, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், இரண்டு வாரமாக இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, மனம் தாழ்ந்துகிடப்பதாகவோ முன்பு பிடித்த எதிலும் நாட்டமற்றுப் போவதாகவோ இருந்தாக வேண்டும். தூக்கம் கெடுவது அல்லது மிகுவது, பசியும் எடையும் மாறுவது, களைப்பு, கவனம் நிற்காமை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவை மற்றவை. இங்கே தாழ்ந்தது மனநிலையும் நாட்டமும். அவர் வழக்கமாக இருந்த நிலைதான் அந்த மட்டம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டு இதைச் சொல்ல முடியாது.

இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு வினாத்தாளை வைத்தே காட்டலாம். உளவியலில் பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. லொவிபான்ட் என்ற இருவர் 1995இல் வெளியிட்டது. அதன் சுருக்க வடிவத்தில் 21 கேள்விகள். ஏழு கேள்விகள் டிப்ரஷனை அளக்கின்றன, ஏழு பதற்றத்தை அளக்கின்றன, ஏழு ஸ்ட்ரெஸ்ஸை அளக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். டிப்ரஷனையும் ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்றே எழுதும் ஒருவர் இந்த முடிவைத் தமிழில் அறிக்கையாக்கினால், ஒரே பெயரில் இரண்டு மதிப்பெண்கள் நிற்கும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருந்தால் அதை வாங்கிப் படிப்பவர் எதை நம்புவார்?

இன்னொரு வினாத்தாள் இன்னும் எளியது, ஒன்பதே கேள்விகள். மேலே சொன்ன ஒன்பது அறிகுறிகளையே, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10ஐத் தொட்டவரை மருத்துவர் உட்காரவைத்து விரிவாக விசாரிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி மனம் தாழ்ந்து நம்பிக்கையற்று இருந்ததைப் பற்றியது. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘மன அழுத்தமாக இருந்ததா’ என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, ஆனாலும் எதிலும் மனம் ஒட்டாமல் கிடக்கிறார் ஓர் அறுபது வயது அம்மா. அவர் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்? ‘எனக்கென்ன அழுத்தம், ஒன்றுமில்லையே’ என்று 0 போடுவார். கேள்வி சரியாக இருந்திருந்தால் 3 போட்டிருப்பார். பன்னிரண்டாக இருக்க வேண்டிய மொத்தம் ஒன்பதாகி, அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். கணக்காண்டு முடியும் மார்ச் மாதத்தில் இரவும் பகலும் உழைக்கும் கணக்காளர் நேர்மாறாக 3 போடுவார்; ஏப்ரலில் அவருக்கு ஒன்றும் இருக்காது.

‘மனச்சோர்வு’ என்ற சொல் மருத்துவ எழுத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதிலும் ஒரு குறை உண்டு. சோர்வு என்றால் ஒரு நாள் தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்பு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் முதல் முறை எழுதும்போதாவது ‘மனச்சோர்வு நோய்’ என்று எழுதுவது நல்லது என்பது என் கருத்து. நீளம்தான், ஆனால் ‘ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா, சரியாயிடும்’ என்ற அறிவுரைக்கு அந்த ஒரு சொல் தடை போடும்.

சரி, மருத்துவத்தில் டிப்ரஷன் என்றால் எப்போதும் மனச்சோர்வா? இல்லை. விளக்கத்துக்காக ஒரு மருத்துவமனைக் குறிப்பை நானே அமைத்துக்காட்டுகிறேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண். இரண்டு ஆண்டாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சுவலியோடு வந்தார். ஈசிஜியில் இரண்டு மில்லிமீட்டர் எஸ்.டி. டிப்ரஷன். வலிக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது. பிறகு சுவாச டிப்ரஷன் தென்பட்டதால் மாற்று மருந்து செலுத்தப்பட்டது. நான்கைந்து வரிக்குள் மூன்று டிப்ரஷன். மூன்றும் வேறு.

முதலாவது மனச்சோர்வு நோய்.

இரண்டாவது ஒரு கோட்டைப் பற்றியது. ஈசிஜி தாளில் இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே வடிவ அலைகள் வரும். அவற்றில் எஸ் என்ற கீழ்முனைக்கும் டி என்ற மேட்டுக்கும் இடைப்பட்ட துண்டு, வழக்கமாக அடிக்கோட்டின் மட்டத்திலேயே ஓட வேண்டும். அது அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி ஓடினால் அதுதான் எஸ்.டி. டிப்ரஷன். தாளில் ஒரு சிறு கட்டம் ஒரு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் என்றால் இரண்டு சிறு கட்டம். இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காததன் அடையாளமாக அது இருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் டிஜாக்சின் என்ற மருந்தாலும் இப்படி வருவதுண்டு. எனவே ‘எஸ்.டி. துண்டு 2 மி.மீ. தாழ்ந்துள்ளது’ என்று எழுதினால் போதும். ‘அழுத்தம்’ என்று எழுதினால் படிப்பவர் இரத்த அழுத்தத்தை நினைத்துக்கொள்வார். மருத்துவர் கண்ட தாழ்வைத்தான் மொழிபெயர்ப்பு சொல்ல வேண்டும், அதன் காரணத்தை மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்து ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாவதில்தான் ஆபத்து அதிகம். மார்ஃபின் போன்ற வலிநீக்கிகள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் மையத்தைத் தளர்த்துகின்றன. இயல்பாக, இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் அந்த மையம் விழித்துக்கொண்டு அடுத்த மூச்சை இழுக்கச் சொல்லும். மருந்து மிகுந்துவிட்டால் அந்தத் தூண்டுதலுக்கு அது சரியாகப் பதில் தருவதில்லை. வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சுவிடுவார். அது பத்தாக, எட்டாக, அதற்கும் கீழே இறங்குகிறது. மூச்சு ஆழமும் குறைகிறது. இங்கே தாழ்ந்தது மூச்சின் வேகமும் ஆழமும், அதற்குப் பின்னால் மூளையின் தூண்டுதல்.

இதைச் சிலர் ‘மூச்சுத்திணறல்’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். மூச்சு சம்பந்தப்பட்ட ஆபத்து என்றால் நம் நாவில் முதலில் வரும் சொல் அதுதான். ஆனால் திணறுபவர் தவிப்பார், எழுந்து உட்காருவார், கையசைத்துக் கூப்பிடுவார். மார்ஃபினால் மூச்சு தளர்ந்தவர் அப்படி எதுவும் செய்வதில்லை. நிம்மதியாக உறங்குவதுபோல் கிடப்பார், உலுக்கினாலும் எளிதில் விழிக்கமாட்டார், கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கும். புற்றுநோய் வலிக்காக வீட்டிலேயே மார்ஃபின் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவரின் மகளிடம், ‘மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்ற தாளைக் கொடுத்தால், அவர் திணறலுக்காகக் காத்திருப்பார். அம்மா இன்று நன்றாகத் தூங்குகிறாள் என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். மருத்துவ நூலில் ‘சுவாச ஒடுக்கம்’ என்று எழுதலாம். வீட்டுக்குக் கொடுக்கும் தாளில் அதுவும் போதாது. ‘மூச்சு மெதுவாகி, எண்ணிக்கை குறைந்து, எழுப்பினாலும் எழாமல் இருந்தால்’ என்று விரித்து எழுதினால்தான் காரியம் நடக்கும்.

இதே தாழ்வுதான் மதுவைப் பற்றிய ஒரு வாக்கியத்திலும் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மதுவை ‘டிப்ரஸன்ட்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘மது மனச்சோர்வு தரும் பொருள்’ என்று எழுதினால் பொருள் தவறிவிடும். குடிப்பவருக்கு மனச்சோர்வு வருவதுண்டு, அது தனிச் செய்தி. அந்தச் சொல் சொல்லவருவது, மது மூளை, நரம்புகளின் வேலையைத் தணிக்கிறது என்பதை. தூக்க மாத்திரையும் அதே வகை. இரண்டும் சேர்ந்தால் மூச்சும் இரட்டிப்பாகத் தணியும் என்ற எச்சரிக்கை, ‘மனச்சோர்வு’ என்று எழுதிய வாக்கியத்திலிருந்து யாருக்கும் கிடைக்காது.

மருத்துவத்திலேயே இன்னும் சில டிப்ரஷன்களுக்குத் தமிழ்த் தாய்மார்களிடமே சொல் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் நீர்வற்றிய குழந்தையின் உச்சிக்குழி ‘பள்ளம் விழுந்திருக்கு’ என்பார்கள். ஆங்கில மருத்துவ நூல் அதை டிப்ரஸ்டு என்கிறது. மண்டையோடு உள்ளே அமுங்கி உடைந்தால் ‘அமுங்கிய முறிவு’. தொண்டையைப் பார்க்க மருத்துவர் நாக்கின் மேல் வைக்கும் தட்டைக் குச்சியின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல் வருகிறது. அந்தக் குச்சிக்கு மட்டும் அழுத்துதல் என்ற பொருள் முழுக்கப் பொருந்தும், ஏனென்றால் அது உண்மையிலேயே நாக்கை அழுத்துகிறது.

பொருளியலில் தாழ்ந்தது உற்பத்தியும் வேலைவாய்ப்பும். 1929க்கும் 1933க்கும் இடையே அமெரிக்காவின் மொத்த உற்பத்தி கால் பங்குக்கு மேல் சுருங்கியது, உழைக்க முன்வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அதைப் ‘பெருமந்தம்’ என்று தமிழில் எழுதுவது பொருத்தமானது. சிக்கல், ‘ரிசஷன்’ என்ற சிறிய தங்கையால் வருகிறது. அடுத்தடுத்து இரண்டு காலாண்டு உற்பத்தி குறைந்தால் அதை அப்படி அழைப்பது பொது வழக்கு. டிப்ரஷனுக்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இல்லை. மிக ஆழமாகவும் நெடுங்காலமும் நீடித்தால் அந்தப் பெயர். எனவே சிறியதை ‘மந்தநிலை’ என்றும் பெரியதைப் ‘பெருமந்தம்’ என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ‘வீழ்ச்சி’யை 1929 அக்டோபரில் பங்குச்சந்தையில் நடந்ததுபோன்ற திடீர் சரிவுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

வேதியியலில் இந்தச் சொல் ‘உறைநிலைத் தாழ்வு’. தூய நீர் 0 டிகிரியில் உறையும். ஒரு கிலோ நீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை ஏறக்குறைய 1.86 டிகிரி இறங்கும். உப்பு கரையும்போது இரண்டு துகள்களாகப் பிரிவதால் வெறும் 58.5 கிராமே ஏறக்குறைய அதன் இரு மடங்கு இறக்கிவிடும். குல்ஃபி விற்பவர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கொட்டுவது இதனால்தான். அந்தக் கலவை பூச்சியத்துக்கு வெகு கீழே குளிரும். கணக்குப் புத்தகத்தில் டிப்ரஷன் ‘இறக்கக் கோணம்’ ஆகிறது. அங்கே எதுவும் தாழ்ந்துபோகவில்லை, கண்பார்வைக் கோடுதான் கிடைமட்டத்திலிருந்து கீழே சாய்கிறது. எகிப்தின் கத்தாரா டிப்ரஷன் கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே இறங்கும் ஒரு மாபெரும் பள்ளம். அதற்குப் ‘பள்ளம்’ என்ற சொல்லே போதும்.

இத்தனை துறைகளிலும் தமிழ் தன் சொல்லைத் தேர்ந்துகொண்டுவிட்டது, பெரும்பாலும் நன்றாகவே. மனநலத்தில் மட்டும்தான் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இன்னும் இரண்டு வெவ்வேறு நிலைகளை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கின்றன. செய்தி ஆசிரியர்களிடம் வைக்க ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவர் டிப்ரஷன் என்று சொல்லியிருந்தால் மனச்சோர்வு நோய் என்று எழுதுங்கள். மன அழுத்தத்தை ஸ்ட்ரெஸ்ஸுக்கு விட்டுவிடுங்கள். எது என்று தெரியவில்லை என்றால் சொன்னவரிடமே கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் கெட்டுக்கிடக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு ‘அழுத்தம்’ ஏதும் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.